திரையின் மேல் ஒரு திரை

கைத்தொலைபேசியிலே புதிதாக ஒரு செயலியை ஏற்றிக்கொள்கிறோம். ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா என்று அது நம்மிடம் அனுமதி கேட்கிறது. நாமும் இசைந்து "Allow" என்னும் சொல்லைத் தொடுகிறோம். அனுமதி நிறைவேறுவதற்குப் பதிலாக, "Screen overlay detected" என்றோர் அறிவிப்பு எழுந்து வழிமறிக்கிறது. திரையின் மேல் வேறொரு படலம் இருப்பதாகவும், அதனை முதலில் நீக்கிவிட்டு வருமாறும் அது கூறுகிறது. மீண்டும் தொட்டாலும் அதே பதில்தான். அறிவிப்பின் கீழுள்ள "Open settings" என்பதைத் தொட்டாலோ, செயலிகளின் பெயர்கள் நிறைந்த நீண்ட பட்டியல் ஒன்று விரிகிறது. படலத்தை விரித்தவர் அவர்களுள் யார் என்பது மட்டும் எங்கும் சொல்லப்படுவதில்லை.

இத்தொல்லை அன்ட்ரொயிட் 6, 7 ஆகிய பதிப்புகள் இயங்கும் தொலைபேசிகளுக்கே பெரும்பாலும் உரியது. அவை 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் வெளிவந்தவை. பழையன என்று தள்ளிவிடுவதற்கில்லை. தந்தையார் பயன்படுத்திய தொலைபேசி பிள்ளைகளின் பாடத்துக்காகக் கைமாறுவது நம் வீடுகளில் வழக்கமாகையால், அவை இன்னும் பல இல்லங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வவுனியாவிலிருந்து பத்தாந் தரத்து மாணவி ஒருவர் எழுதிய கடிதமே இவ்வாரம் இப்பொருளை எடுத்துக்கொள்ள நம்மைத் தூண்டியது.

ஒரு மாணவியின் இக்கட்டு

அம்மாணவி தமது பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆசிரியைக்கு அனுப்பவேண்டியிருந்தது. தந்தையார் பகலில் தொலைபேசியை வேலைக்குக் கொண்டுசென்றுவிடுவார். மாலை ஆறரை மணிக்குப் பின்னரே அது பிள்ளைகளின் கைக்கு வரும். ஒலிப்பதிவுச் செயலி ஒன்றை ஏற்றி அனுமதி கொடுக்க முயன்றபொழுதெல்லாம் மேற்சொன்ன அறிவிப்பு வந்து தடுத்தது. செயலியை நீக்கி மீண்டும் ஏற்றினார். மூன்று இரவுகள் இவ்வாறு கழிந்தன.

சனிக்கிழமை பிற்பகல் தமையனார் அத்தொலைபேசியில் வேறு இரண்டு செயலிகளை ஏற்றி அனுமதி கொடுத்துப் பார்த்தார். ஒரு தடையும் இல்லை. "தொலைபேசியிற் குறையில்லை, நீ எடுத்த செயலிதான் பழுது" என்று தீர்ப்பளித்துவிட்டார். பழுதுபார்க்கும் கடை ஒன்றிலோ, உள்ளிருப்பவை யாவற்றையும் அழித்துத் தொலைபேசியைப் புதிதாக்க வேண்டும் என்றார்கள். காலஞ்சென்ற பேத்தியாரின் ஒளிப்படங்கள் அதனுள் மட்டுமே இருந்தன. ஆதலால் தந்தையார் அதற்கு இணங்கவில்லை. "படங்களை இழக்காமல் இதற்கு வழி உண்டா?" என்பதே அம்மாணவியின் வினா.

வழி உண்டு. எதையும் அழிக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வழியிற் செல்லுமுன், தொலைபேசி ஏன் இவ்வாறு பிடிவாதஞ் செய்கிறது என்பதை விளங்கிக்கொள்வது நலம். காரணம் தெரிந்தால் குற்றவாளியைத் தேடுவது பாதி முடிந்த மாதிரி.

தாளின் மேல் வைத்த தாள்

காணி உறுதி ஒன்றில் ஒருவரிடம் வஞ்சனையாகக் கையொப்பம் பெற எண்ணுபவன் என்ன செய்வான்? உறுதியின் மேல் வேறொரு தாளை வைப்பான். கையொப்பமிடும் இடத்தில் மாத்திரம் ஒரு துளை வெட்டுவான். மேலுள்ள தாளில் "புத்தகம் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கும். அதனைப் படித்துவிட்டு அவர் கையொப்பமிடுவார்; கையொப்பமோ கீழே உள்ள உறுதியிற் பதியும். விழிப்புள்ள நொத்தாரிசு இதனை அனுமதிப்பாரா? "மேலே இருக்கும் தாளை எடுத்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்" என்றே சொல்வார்.

தொலைபேசியிலும் இதே வஞ்சனைக்கு இடமுண்டு. ஒரு செயலியின் திரைமீது மற்றொரு செயலி தன் படலத்தை விரிக்கலாம். அப்படலம் ஒளி ஊடுருவுவதாக இருக்கலாம். முற்றிலும் கண்ணுக்குத் தெரியாததாகவும் இருக்கலாம். தொடுகை அதனூடாகக் கீழே உள்ள திரைக்குச் சென்று சேரும். மேலே "விளையாட்டைத் தொடங்கு" என்று எழுதிக் காட்டி, கீழே "ஒலிவாங்கியைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்" என்பதை நம் விரலாலேயே தொடச் செய்துவிடலாம்.

அன்ட்ரொயிட் 6 வருமுன்னர், ஒரு செயலிக்குரிய அனுமதிகள் யாவும் அதனை ஏற்றும் வேளையிலேயே ஒருங்கே கொடுக்கப்பட்டுவந்தன. அப்பதிப்பிலேதான், செயலி இயங்கும்போது ஒவ்வோர் அனுமதியையும் தனித்தனியே கேட்டுப் பெறும் முறை வந்தது. அனுமதிப் பெட்டி அடிக்கடி திரையில் தோன்றத் தொடங்கவே, அதனை மறைத்து ஏமாற்றும் வாய்ப்பும் பெருகிற்று. ஆகவே அனுமதிப் பெட்டிக்கு ஒரு காவல் வைத்தார்கள். விரல் பட்ட இடத்தின் மேல் வேறொரு செயலியின் படலம் இருந்ததா என்பது ஒவ்வொரு தொடுகையோடும் ஒரு குறிப்பாக வந்து சேரும். இருந்தது என்று குறிப்பு வந்தால், அனுமதி பதிவாகாது, அறிவிப்பு எழும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. அத்தொடுகையோடு வருவது "மேலே படலம் உண்டு" என்னும் ஒரு குறிப்பு மட்டுமே. படலத்துக்கு உரியவரின் பெயர் அதிலில்லை. அறிவிப்பு பெயர் சொல்லாதிருப்பதன் காரணம் இதுதான். அன்றியும், அனுமதி கேட்ட செயலிக்கும் இத்தடைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனை எத்தனை முறை நீக்கி ஏற்றினாலும் பயனில்லை. உறுதியில் கையொப்பமிட வந்தவரை மாற்றுவதனால் மேலே கிடக்கும் தாள் அகன்றுவிடுமா?

ஐயத்துக்குரியோர் யார்?

பிறர் திரைமீது படலம் விரிக்கும் உரிமை ஓர் அனுமதியாகும். அன்ட்ரொயிட் 6, 7 பதிப்புகளில் அதன் பெயர் "Draw over other apps". சாம்சங் தொலைபேசிகளில் "Apps that can appear on top" என்றிருக்கும். "இத்தனை செயலிகளுக்கும் நான் எப்பொழுது இவ்வுரிமை கொடுத்தேன்?" என்று பலர் வியப்பதுண்டு. அவர்கள் கொடுத்ததில்லை. அக்காலத்தில் கூகிளின் பிளே ஸ்டோரிலிருந்து ஏற்றப்பட்ட செயலிகள் இவ்வுரிமையைக் கேட்டிருப்பின், அது தானாகவே வழங்கப்பட்டுவிட்டது.

ஆனால் உரிமை பெற்றவர் எல்லாரும் குற்றவாளிகள் அல்லர். அனுமதிப் பெட்டி எழும் வேளையில், நம் விரல் படும் இடத்தில் யாருடைய படலம் கிடக்கிறது என்பதே கேள்வி. முகநூல் மெசென்ஜர் திரையோரத்திற் காட்டும் வட்ட முகங்களை எடுத்துக்கொள்வோம். அம்முகம் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில், நடுவே தோன்றும் அனுமதிப் பெட்டிக்கு அதனால் இடையூறு வருவது அரிது. அது "Allow" என்பதன் அருகே வந்து நின்றால் மட்டுமே வம்பு. விரலால் இழுத்து அப்பால் விட்டாற் போதும்.

திரை முழுவதும் பரவிக் கிடப்பனவே முதலில் ஐயத்துக்குரியவை. இரவிலே கண்ணுக்கு இதமாகத் திரையைச் செம்மஞ்சளாக்கும் நீல ஒளி வடிகட்டிகளும், வெளிச்சத்தை மேலும் குறைக்கும் செயலிகளும் இவ்வகையின. அவை தொலைபேசியின் நிறத்தை உண்மையில் மாற்றுவதில்லை. நிறமூட்டிய கண்ணாடித் தாள் ஒன்றைத் திரையின்மேல் விரிப்பது போல ஒரு படலத்தை விரித்துவிடுகின்றன, அவ்வளவுதான். தொடுகை எங்கே பட்டாலும் அத்தாளின் ஊடாகத்தான் போகவேண்டும். இவற்றை அடுத்து, திரையிற் காண்பதைப் பதிவு செய்யும் செயலிகள், மிதக்கும் பொத்தான் காட்டும் செயலிகள், மின்கலத்தைக் காப்பதாகவும் குப்பை அகற்றுவதாகவும் சொல்லிக்கொள்ளும் செயலிகள், அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிகள் என்பன வரிசையாக நிற்கும்.

முதலிற் பிழையை வரவழைத்துப் பாருங்கள்

தேடுவோர் பலர் தவறுவது இங்கேதான். பிழை தோன்றாத வேளையிற் சோதித்துவிட்டு, ஏதோ ஒன்றைச் செய்ததனால் அது தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வார்கள். தமையனாரின் சோதனையும் இத்தகையதே. அவர் செயலியை மாற்றினார். அதனோடு நேரத்தையும் மாற்றிவிட்டார். தங்கை முயன்றது இரவு. அவர் முயன்றது பிற்பகல். இரண்டும் ஒருங்கே மாறியபின், வேறுபாட்டுக்குக் காரணம் செயலி என்று எப்படித் துணிவது?

இரவில் வந்து பகலில் மறையும் தடை என்பது நமக்கு ஒரு நல்ல தடயமாயிற்று. சூரியன் மறையும்போது எழுந்து உதிக்கும்போது உறங்கும் செயலி எது? நீல ஒளி வடிகட்டியைத் தவிர வேறொன்றும் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அவற்றுட் பல, ஊரின் சூரிய அத்தமன நேரத்தைத் தாமே கணித்து இயங்குவன. ஆயினும் ஊகத்தோடு நில்லாமல், சோதித்து உறுதிசெய்யுமாறு அவருக்கு எழுதினோம்.

சோதிப்பதற்குச் செயலியை நீக்கி ஏற்றவேண்டிய தேவையில்லை. "Settings" என்பதிற் "Apps" என்னும் பகுதியைத் திறந்து, குறித்த செயலியைத் தொட்டு, "Permissions" என்பதற்குச் செல்க. அங்கே "Microphone" என்பதற்கு எதிரே ஓர் ஆளி இருக்கும். அனுமதிப் பெட்டிக்கு உள்ள காவல் இப்பக்கத்துக்கும் உண்டு. ஆகையால் அவ்வாளியை மாற்ற முயன்றாற் போதும். படலம் இருந்தால் அறிவிப்பு வரும். இல்லையெனில் ஆளி அமைதியாக மாறும். இதுவே நமது உரைகல். எத்தனை முறையும் உரைத்துப் பார்க்கலாம்.

பாதிபாதியாகப் பிரித்தல்

அடுத்து, படல உரிமை பெற்றோரின் பட்டியலைத் திறத்தல் வேண்டும். "Apps" பகுதியின் மேலே உள்ள பற்சக்கர அடையாளத்தைத் தொட்டால் "Draw over other apps" என்பது கிடைக்கும். சாம்சங் தொலைபேசிகளில் "Application manager" என்பதைத் திறந்து, மேல் மூலையில் உள்ள "More" என்பதைத் தொடவேண்டும். பட்டியலில் யார் யாருக்கு உரிமை உள்ளது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்க. பின்னர் ஒழுங்காகத் திருப்பி வைப்பதற்கு அத்தாளே துணை.

மாணவியின் தொலைபேசியில் 11 பெயர்கள் இருந்தன. இரவு 7 மணிக்கு, பிழை வருகிறது என்பதை உரைகல்லில் உறுதிசெய்த பின்னர், 11 பேரின் உரிமையையும் அவர் நிறுத்தினார். ஆளியை மாற்றினார், அறிவிப்பு வரவில்லை. ஒலிவாங்கிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒருமுறை கொடுத்த அனுமதி பின்னரும் நிலைத்திருக்குமாதலால், அவரது அவசரத் தேவை அப்பொழுதே நிறைவேறியது. பேச்சை ஒலிப்பதிவு செய்து அன்றிரவே அனுப்பிவிட்டார்.

அத்தோடு நிறுத்திவிட்டால் என்ன? நாளை வேறொரு செயலி ஒளிப்படக் கருவிக்கு அனுமதி கேட்கும்பொழுது இதே கூத்து மீண்டும் நடக்கும். 11 செயலிகளையும் என்றைக்கும் ஊமையாக்கி வைத்தால், அழைப்பவர் பெயர் காட்டுவது போன்ற பயனுள்ள வேலைகளும் நின்றுபோகும். ஆதலின் குற்றவாளியைக் கண்டே தீரவேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதானால் 11 சோதனைகள் வரை தேவைப்படலாம். பாதிபாதியாகப் பிரித்தாலோ நான்கு சோதனைகள் போதும். அவர் செய்தது இது:

முதற் சோதனையில், பட்டியலின் முதல் 6 செயலிகளுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தார். பிழை வரவில்லை. அவை ஆறும் விடுதலையாயின, திறந்தபடியே விடப்பட்டன. ஐயம் எஞ்சிய ஐந்தின்மேல் விழுந்தது.

இரண்டாவதில், அவ்வைந்தில் 3 செயலிகளைத் திறந்தார். பிழை வந்தது. குற்றவாளி அம்மூவருள் ஒருவர்.

மூன்றாவதில், அம்மூன்றையும் மூடி, ஒன்றை மாத்திரம் திறந்தார். பிழை வரவில்லை.

நான்காவதில், அடுத்ததைத் திறந்தார். பிழை வந்தது. அது தந்தையார் கண்வலிக்காக ஏற்றிவைத்திருந்த நீல ஒளி வடிகட்டி.

இம்முறையில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உரிமையைத் திருப்பிக் கொடுத்தவுடன் எல்லாச் செயலிகளும் தம் படலத்தை விரிக்கத் தொடங்கிவிடும் என்று சொல்லமுடியாது. உரிமை பறிபோனதும் சில தம்மை மூடிக்கொண்டிருக்கும். ஆகையால் ஒவ்வொரு சோதனைக்கு முன்னரும், புதிதாகத் திறந்த செயலிகளை ஒருமுறை இயக்கிவிட்டு வருதல் வேண்டும். இல்லையேல் குற்றவாளி நிரபராதியாகத் தப்பிவிடுவான். அன்றியும், குற்றவாளி ஒருவரே என்று முன்கூட்டித் துணியலாகாது. ஒருவரைக் கண்டபின், அவரை மட்டும் மூடிவைத்துக்கொண்டு மற்றெல்லாரையும் திறந்து இன்னுமொருமுறை உரைத்துப் பார்க்கவேண்டும். மாணவி அவ்வாறு செய்தபொழுது பத்துச் செயலிகளும் திறந்திருக்கப் பிழை எழவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது.

கடைக்காரர் சொன்னபடி யாவற்றையும் அழித்திருந்தாலும் பிழை மறைந்திருக்கும் என்பது உண்மை. வடிகட்டியும் படங்களோடு சேர்ந்து அழிந்திருக்குமன்றோ? தந்தையார் அதனை மறுபடி ஏற்றிய அன்றிரவே பிழையும் திரும்பி வந்திருக்கும், படங்கள்தாம் வந்திரா.

பட்டியலை மூடியும் பிழை நீங்காவிடின்

சிலரிடத்தில், பட்டியல் முழுவதையும் மூடிய பின்னரும் அறிவிப்பு தொடரும். அப்பொழுது மனந்தளர வேண்டா. திரையின் அடிப்பாகத்தில் ஒரு சிறு செய்தி தோன்றிச் சில விநாடிகளில் மறைவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் ஒரு படலமே. அது அனுமதிப் பெட்டியின் மேல் கிடக்கும் வேளையில் விரல் பட்டால் அறிவிப்பு எழக்கூடும். சில விநாடி பொறுத்து மீண்டும் தொட்டுப் பாருங்கள். இவ்வகைப் படலத்துக்குத் தனி உரிமை தேவைப்படாதிருந்தமையால், அதனைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்திய செயலிகளும் இருந்தன. அவை மேற்படி பட்டியலில் அகப்படா. அன்ட்ரொயிட் 7.1 வந்தபோதுதான் அவ்வழி ஒடுக்கப்பட்டது.

இத்தகையோரைப் பிரித்தறியப் பாதுகாப்பு நிலை உதவும். தொலைபேசியை நிறுத்தும் பொத்தானை அழுத்தி, திரையில் தோன்றும் "Power off" என்பதன்மேல் விரலை வைத்தபடியே இருந்தால், பல தொலைபேசிகளில் "Safe mode" என்னும் வினா எழும். அதற்கு இசைந்தால், நாம் ஏற்றிய செயலிகள் ஒன்றும் இயங்காத நிலையில் தொலைபேசி மீண்டும் தொடங்கும். அந்நிலையில் உரைகல்லிலே உரைத்துப் பாருங்கள். பிழை வரவில்லையெனில், படலம் விரிப்பது நாம் ஏற்றிய செயலிகளுள் ஒன்றே. அப்பொழுதும் பிழை வந்தால், தொலைபேசியோடு கூடவே வந்த ஏதோ ஒன்றைத் தேடவேண்டும். வழக்க நிலைக்குத் திரும்பும்போது முகப்புத் திரையிற் பதித்துவைத்த சில சிறு சாளரங்கள் இடம் நீங்கியிருக்கலாம். தரவுகளுக்கு அதனால் கேடில்லை.

கணினி பயிலும் மாணவர்களுக்கு இன்னொரு நேர்வழியும் உண்டு. "About phone" என்பதில் உள்ள "Build number" என்பதை ஏழு முறை தொட்டு, அதனாற் கிடைக்கும் "Developer options" என்பதில் "USB debugging" என்பதை இயக்கிக்கொள்க. adb என்னும் கருவி உள்ள கணினியோடு தொலைபேசியை இணைத்து, பிழை தோன்றும் வேளையில் இக்கட்டளையைக் கொடுக்கலாம்:

```
adb shell "dumpsys window windows | grep SYSTEM_ALERT_WINDOW"
```

விடையாக வரும் வரிகளில் `package=` என்பதை அடுத்து ஒரு பெயர் இருக்கும். உரிமை பெற்றோர் எல்லாருடைய பெயரும் அங்கே வராது. அவ்வேளையில் உண்மையாகவே படலம் வைத்திருப்போரின் பெயர்களே வரும். பதினொன்று ஒன்றாகவோ இரண்டாகவோ சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் "USB debugging" என்பதை மறவாது நிறுத்திவிடுக.

கண்ட பின்னர் என்ன செய்வது?

குற்றவாளி நல்லவராகவே இருக்கலாம். தந்தையாரின் வடிகட்டி ஒருவரையும் வஞ்சிக்கவில்லை. அத்தகைய செயலியை நீக்கவேண்டியதில்லை. அனுமதி கொடுக்கும் வேளையில் மட்டும், அறிவிப்புப் பகுதியைக் கீழே இழுத்து அங்கிருந்து அதனை இடைநிறுத்தி, அனுமதி கொடுத்தபின் மீண்டும் இயக்கினாற் போதும். தொலைபேசியோடு வந்த "Night Light" போன்ற வசதி இருப்பின், அதனைப் பயன்படுத்துவது இன்னும் நன்று. அது படலம் விரிக்காமல் திரையின் நிறத்தையே மாற்றுவதால் இவ்வம்பு எழாது.

புதிய தொலைபேசி உடையோர்க்கும் ஒரு சொல். 2017இல் வந்த அன்ட்ரொயிட் 8, அனுமதிப் பெட்டி தோன்றும்பொழுது ஏனைய செயலிகளின் படலங்களைத் தானே மறைத்துவிடக் கற்றுக்கொண்டது. படல உரிமையின் பெயரும் "Display over other apps" என்று மாறியது; எந்தச் செயலி படலம் விரித்திருக்கிறது என்பதை அறிவிப்புப் பகுதியிற் பெயரோடு காட்டவும் தொடங்கிற்று. 2021இல் வந்த அன்ட்ரொயிட் 12, பிறர் படலத்தினூடாக வரும் தொடுகைகளிற் பெரும்பாலனவற்றைக் கீழே செல்லவிடாமலே தடுத்துவிடுகிறது. ஆகவே பழைய அறிவிப்பு இன்று அரிதாயிற்று. ஆயினும் ஏதேனும் ஒரு செயலியில், எத்தனை முறை தொட்டும் ஒரு பொத்தான் மட்டும் வாளாவிருக்குமாயின், மேலே யாருடைய படலமேனும் கிடக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்பின்றியே தொடுகையைப் புறக்கணிக்கும் பொத்தான்களும் உண்டு.

முடிவாக, பட்டியலைத் திறந்த கையோடு செய்யத்தக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 2017இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துச் சாந்தா பார்பரா வளாகத்தையும் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், இப்படல உரிமையையும், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதற்கென்று ஏற்பட்ட மற்றோர் உரிமையையும் ஒரு தீய செயலி ஒருங்கே பெற்றால், உரியவர் அறியாமலே தொலைபேசியைத் தன்வயப்படுத்தலாம் என்று செய்து காட்டினார்கள். வடிகட்டிக்குப் படலம் வேண்டும். அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலிக்கும் வேண்டும். வெறும் கைவிளக்குச் செயலிக்கோ, நாட்காட்டிக்கோ, சுவர்ப்படங்கள் தரும் செயலிக்கோ அது எதற்காக? எழுதிவைத்த தாளை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் இக்கேள்வியைக் கேளுங்கள். விடை கிடைக்காத பெயரின் உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதனால் அச்செயலியின் வேலை ஏதும் கெடவில்லையெனில், அவ்வுரிமை அதற்கு ஒருகாலும் தேவைப்பட்டதில்லை என்பது தெளிவு.